தற்கொலையால் மகனை இழந்த தாயை மேடையில் அறிமுகம் செய்வது: எதைச் சொல்வது, எதை விடுவது?

நெல்லை_தமிழ்த்துறை:

எங்கள் கல்லூரியில் செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. நாட்டு நலப்பணித் திட்டம் சார்பில் நடக்கிறது. பேச வருகிறவர் ஓர் அம்மா. பள்ளி ஆசிரியராக இருந்தவர், மகனைத் தற்கொலையில் இழந்தவர். இப்போது அப்படி உறவுகளை இழந்த குடும்பங்களுக்காக ஒரு குழு நடத்துகிறார். பேச்சு 40 நிமிடம், அரங்கில் 300 மாணவர்கள். அவரை அறிமுகம் செய்ய எனக்கு 3 நிமிடம். எழுதி வைத்திருப்பது இது:

"நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமையை உடையது இவ்வுலகு என்றார் வள்ளுவர். ஈன்று புறந்தந்த தாய், தன் ஒரே செல்வத்தைக் காலன் பறித்த அந்தக் கொடிய நாளில் *[இங்கிருந்த ஒரு வரி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]* இடிந்துபோகாமல், துயரத்தை வென்று, இன்று ஆயிரமாயிரம் இளைஞர்களுக்கு ஒளிவிளக்காய் எழுந்து நிற்கும் வீரத்தாய் அவர்களைப் பலத்த கரவொலியோடு மேடைக்கு அழைக்கிறேன்!"

உணர்ச்சி கூடிவிட்டதோ என்று ஓர் ஐயம். எங்கே குறைக்கலாம் என்று சொல்லுங்கள்.

மேடைக்குரல்:

ஐயா, உணர்ச்சி பிரச்சினை இல்ல, வாக்கிய நீளம்தான் பிரச்சினை. "ஈன்று புறந்தந்த தாய்"ல ஆரம்பிச்சு "அழைக்கிறேன்" வர்ற வரைக்கும் ஒரே வாக்கியம். தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். அதுவரைக்கும் கேக்குறவன் எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சுக்கிட்டே இருக்கணும். இந்த மாதிரி விஷயத்துல அது ரொம்பக் கனம். பத்துச் சொல்லுக்குள்ள ஒரு வாக்கியத்த முடிச்சிருங்க.

இன்னொண்ணு. வருத்தமான செய்தியச் சொல்லும்போது நம்ம எல்லாருக்கும் வாக்கியக் கடைசியில குரல் இறங்கி மூச்சுல கரைஞ்சிரும். "அவர் மகனை..." வரைக்கும் கேக்கும், "இழந்தார்" கேக்காது. முக்கியமான சொல்லே அதுதான். அதனால கடைசி வினைச்சொல் வரைக்கும் ஒரே அளவு சத்தம். சுருதி இறங்கலாம், சத்தம் இறங்கக் கூடாது. மைக் வாயிலேர்ந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். கிட்ட வச்சு மெதுவாப் பேசினா அழுகுரல் மாதிரி ஆயிரும், எதிர்ல உக்காந்திருக்கிற அம்மாவுக்கு அது தாங்காது.

தொடங்குறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்காம, ஒருதடவ முழுசா வெளிய விட்டுட்டு ஆரம்பிங்க. இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா முதல் வாக்கியம் நடுங்கும்.

குறளை மட்டும் மாத்திரலாம். நிலையாமைக் குறள் வேண்டாம். "இடுக்கண் வருங்கால் நகுக" நல்லா இருக்கும், தன்னம்பிக்கைக் குறள். அம்மா நடந்து வரும்போது பின்னணியில லேசாப் புல்லாங்குழல் போடச் சொல்லுங்க. கைதட்டல் அடங்கினதும் இசையக் குறைச்சுக்கலாம்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

குரலைப் பற்றி மேடைக்குரல் சொன்ன ஒவ்வொரு வரியும் உதவும். குறளிலும் புல்லாங்குழலிலும் நான் மாறுபடுகிறேன். மகனை இழந்த தாய் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்க, துன்பம் வரும்போது சிரி என்று சொல்லித் தொடங்கினால் அவர் அடுத்த 40 நிமிடத்தை எப்படிப் பேசுவார்? அந்தக் குறள் துன்பப்படுகிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர் சொன்னால் அது கட்டளையாகிவிடும். இசை போட்டால் "இப்போது அழுங்கள்" என்று அரங்குக்குச் சைகை காட்டியது போல ஆகும்.

இனி ஐயாவின் வரைவு. அது இழப்பைப் பற்றிய இலக்கியமாக இருக்கிறது. அரங்கில் இருக்கும் 300 பேரிடம் அது எதையும் சொல்லவில்லை. அந்த 300 பேரில் வீட்டில் இப்படி ஒரு சாவைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். சென்ற வாரம்கூட அப்படி நினைத்தவர் ஒருவர் இருக்கலாம். உங்கள் வேலை முதலில் அவர்களிடம். என்ன பேசப்படப் போகிறது, தாங்க முடியாவிட்டால் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம், இந்த மூன்றையும் அவர்கள் பேச்சு தொடங்குமுன் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லும் இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். பேச்சாளர் தன் கதையின் நடுவில் நின்று அதைச் சொல்ல முடியாது.

மட்டுறுத்துநர் எடுத்த வரியை நான் முன்பே படித்துவிட்டேன். எப்படி இறந்தார், எந்த அறையில், யார் பார்த்தார்கள் என்பதை அறிமுகத்தில் மட்டுமல்ல, எங்கேயும் விவரிக்காதீர்கள். இறந்த விதத்தை விவரித்துக் கேட்பது, ஏற்கெனவே தத்தளிக்கிற இளைஞருக்கு ஒரு வழியைக் காட்டிக் கொடுப்பதாக ஆகலாம். செய்தித்தாள்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அறிவுரையிலும் இது முதன்மையானது. ஒற்றைக் காரணம் சொல்வதும் அதே போன்ற தவறு. "தேர்வில் தோற்றதால்" என்றோ "காதல் தோல்வியால்" என்றோ சொன்னால், சென்ற மாதம் அரியர் விழுந்த பையன் அந்த வாக்கியத்தைத் தனக்கானதாக எடுத்துக்கொள்வான்.

"துயரத்தை வென்று" என்பதையும் எடுத்துவிடுங்கள். அவர் வென்றுவிட்டார் என்று நீங்கள் அறிவித்தபின், பேச்சின் நடுவே அவர் குரல் உடைந்தால் அவர் உங்கள் அறிமுகத்துக்குத் துரோகம் செய்தவராகிவிடுவார். அழவும் அவருக்கு இடம் வேண்டும். "வீரத்தாய்", "ஒளிவிளக்கு" இரண்டும் அதே சுமைதான்.

கரிசல்_மைந்தன்:

எனக்கு ஒண்ணு தோணுது. "தற்கொலை"ங்கிற வார்த்தையையே 300 பசங்க முன்னாடி சொல்லணுமா? சொல்லச் சொல்லத்தானே அந்த எண்ணம் வரும். "வாழ்வியல் சிந்தனை"ன்னு தலைப்புப் போட்டு, "ஈடுசெய்ய முடியாத இழப்பைச் சந்தித்தவர்"ன்னு முடிச்சுக்கலாமே. நாகரிகமாவும் இருக்கும்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

கரிசல், நீங்கள் சொல்வதில் பாதி சரி. எப்படி என்று விவரிப்பதுதான் எண்ணத்தைத் தூண்டும். அந்தச் சொல்லைச் சொல்வதாலோ, ஒருவரிடம் "அப்படி நினைக்கிறாயா" என்று நேரே கேட்பதாலோ எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டபின் ஆறுதல் அடைகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். சுற்றிவளைத்துச் சொல்வதில் வேறொரு கேடும் உண்டு. அறிமுகத்தில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று மட்டும் கேட்ட மாணவி, விபத்தோ நோயோ என்று நினைத்து உட்கார்ந்திருப்பாள். பத்தாவது நிமிடத்தில் உண்மை தெரியும்போது வரிசை நடுவில் மாட்டிக்கொண்டிருப்பாள்.

சொல்லை எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். "தற்கொலையால் இறந்தார்" என்பது போதும். "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்பதும் பழகிய வழக்குதான். "கோழைத்தனமான முடிவு" வேண்டாம், "நிம்மதியைத் தேடிப் போய்விட்டார்" வேண்டாம். முன்னது இழந்த குடும்பத்தை அவமானப்படுத்துகிறது. பின்னது சாவை ஓய்வாகக் காட்டுகிறது. மேடையில் மாலை போட்டு விளக்கேற்றிய மகனின் படத்தை வைப்பதையும் இதே காரணத்தால் தவிர்க்கச் சொல்வேன்.

சட்டப்பார்வை:

ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டம் 309இன்படி குற்றம், ஓராண்டு வரை சிறை. அறிமுகத்தில் ஒரு வரி சொன்னால் மாணவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கும்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 309க்கு இணையான பொதுப் பிரிவு அதில் கிடையாது. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் நெருக்குவதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் பிரிவு 226இல் இருக்கிறது. அதற்கு முன்பே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் "உதவி கேட்டால் போலீஸ் வராது" என்று அதைத் திருப்பிச் சொல்லலாம். பல மாணவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

சட்டப்பார்வை:

226 எனக்குத் தெரியும், ஆனால் 309 அப்படியே வேறு எண்ணில் தொடர்கிறது என்று நினைத்திருந்தேன். திருத்தியதற்கு நன்றி. மேலே எழுதியதை அப்படியே விடுகிறேன், வேறு யாரும் அதே தவறைச் செய்யாமல் இருக்கட்டும்.

மூன்றாமாண்டு_விலங்கியல்:

மாணவியாகச் சொல்கிறேன். "வெளியே போகலாம்" என்று மேடையில் சொல்வார்கள். ஆனால் கதவில் ஒழுங்குக் குழு ஆசிரியர் நின்றுகொண்டு "எங்கே போற, ஐடி கார்டு எங்கே" என்று கேட்பார். வருகைப்பதிவைக் கடைசியில் எடுப்பார்கள், நடுவில் போனவர்களுக்குக் கிடைக்காது. அதனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த வாக்கியம் சும்மா காதில் விழும், அவ்வளவுதான்.

நெல்லை_தமிழ்த்துறை:

இது என் கண்ணில் படவே இல்லை. எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். வருகைப்பதிவைத் தொடக்கத்திலேயே முடிக்கச் சொல்கிறேன். கதவில் யார் நிற்பது என்பதையும் முதல்வரிடம் பேசுகிறேன்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

இந்த இழையில் வந்ததிலேயே மிகவும் பயனுள்ள குறிப்பு அந்த மாணவியுடையது. கதவை அடைக்காமல் பாதி திறந்து வையுங்கள். அதற்கு வெளியே ஆலோசகரோ, மாணவர்கள் நம்பும் ஓர் ஆசிரியரோ ஒரு பெஞ்சு, தண்ணீரோடு இருக்கட்டும். வெளியே வருகிறவரிடம் "என்ன ஆச்சு" என்று கேட்கக் கூடாது. "உட்காருங்க, தண்ணி குடிங்க" போதும். பத்து நிமிடம் கழித்து, "வீட்டுக்கு யாரோட போறீங்க" என்று கேட்கலாம். அப்போது அவர் தன்னைப் பற்றிப் பயப்படும்படி ஏதாவது சொன்னால் தனியே விடக் கூடாது.

அரங்குக்குள்ளும் நடைபாதை ஓரத்தில் இரண்டு பேர் இருக்கட்டும். யாராவது எழுந்து போனால் ஒருவர் சற்று இடைவெளி விட்டு வெளியே போய்ப் பார்க்கலாம். கூடவே ஓடக் கூடாது, மொத்த அரங்கும் திரும்பிப் பார்க்கும்.

உளவியல்_ஆய்வு:

ஒரு மறுப்பு. முன்கூட்டி எச்சரிப்பதால் கேட்பவரின் வேதனை குறைவதில்லை என்று அண்மை ஆண்டுகளில் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச்சு தொடங்குமுன் படபடப்புதான் கொஞ்சம் கூடுகிறது. "உங்கள் மனத்தைப் பாதிக்கக்கூடிய செய்திகள் வரும், எச்சரிக்கை" என்று சொல்வது நல்லதா?

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

ஆய்வு முடிவு பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த வடிவில் சொல்வதை நானும் ஏற்கவில்லை. "எச்சரிக்கை", "பாதிக்கும்", "அதிர்ச்சி" என்ற சொற்கள் கேட்பவரை இறுக வைக்கின்றன. நான் சொல்வது செய்தி. இன்னது பேசப்படும், இன்னது பேசப்படாது, கதவு இந்தப் பக்கம். பேருந்தில் ஏறுமுன் எந்த ஊர் போகிறது என்று பார்க்கிற அளவுதான். அதிலும் "இன்னது பேசப்படாது" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மகன் எப்படி இறந்தார் என்பதை அவர் பேசப்போவதில்லை என்று தெரிந்தாலே பாதிப் பேருக்குத் தோள் இறங்கும். ஆனால் அதைச் சொல்லுமுன் பேச்சாளரிடம் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும்.

உளவியல்_ஆய்வு:

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் இப்படிச் சொன்னால் வேதனை குறையும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் சான்று வேண்டும் என்பதே என் நிலை. வெளியே போகும் உரிமையைத் தருவது என்ற அளவில் சரி.

கனடா_வன்னி:

வணக்கம். எனக்கும் ஒரு நிகழ்வு இருக்கு, இதுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளில ஒரு அம்மா ரொறன்ரோவுக்கு வாறா, எங்கட மண்டபத்தில கதைக்கப் போறா. 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்தில இருக்கிறவ. நான்தான் அறிமுகம் செய்யவேணும். "போரில் மகனைப் பறிகொடுத்த தாய்" எண்டு எழுதியிருக்கிறன். மேல நீங்கள் சொன்னமாதிரி எல்லாத்தையும் சுருக்கிப்போட்டன். இது சரிதானே?

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

நீங்கள் இதை இறப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அம்மா அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாரா? அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பதே "எங்கே எங்கள் பிள்ளைகள்" என்பதுதான். "பறிகொடுத்த", "இழந்த", "மறைந்த" என்று நீங்கள் சொல்லும் நொடியில், அவர் ஏற்க மறுத்த ஒன்றை நீங்கள் மண்டபத்தில் அறிவித்துவிடுகிறீர்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே "காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்". "ஆக்கப்பட்டோர்" என்பதில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைக் "காணாமல் போனோர்" என்று இளக்கிவிடாதீர்கள்.

மகனைப் பற்றி நிகழ்காலத்தில் சொல்வதா, இறந்தகாலத்தில் சொல்வதா என்பதும் அவரிடம்தான் கேட்க வேண்டும். "மகன் பெயர் இது" என்பதற்கும் "பெயர் இதாக இருந்தது" என்பதற்கும் இடையில் அவருடைய வாழ்க்கை முழுதும் இருக்கிறது. அஞ்சலி, மௌனம், சுடர் எதுவும் அறிமுகத்துக்கு முன்னால் வரக் கூடாது.

கனடா_வன்னி:

எனக்கு இது பிடிபடவே இல்லை. நிகழ்ச்சி நிரலில முதலாவதா அகவணக்கம்தான் போட்டிருக்கினம், எங்கட எல்லா நிகழ்வுக்கும் அப்பிடித்தானே. அதை என்ன செய்யிறது? எடுத்தா ஊர் ஆக்கள் கோவிப்பினம். விட்டா அந்த அம்மா அதுக்கு எழும்பி நிண்டு கொண்டிருக்கவேணும்.

வவுனியா_சமூகப்பணி:

நான் அகவணக்கத்தை எடுக்கச் சொல்ல மாட்டன். அது மாவீரருக்கும் இறந்த சனத்துக்கும். அந்த அம்மாவுக்கும் அதில பங்கிருக்கலாம், இன்னொரு பிள்ளையையோ உறவையோ போரில இழந்திருக்கலாம். ஆனா யாருக்கான வணக்கம் எண்டு தெளிவாச் சொல்லிச் செய்யவேணும், பிறகு இடையில வேற ஒரு நிகழ்ச்சி வரவேணும். வணக்கம் முடிஞ்ச கையோட "இப்ப அந்த அம்மா" எண்டு கூப்பிட்டா மகனையும் அதுக்குள்ள சேர்த்தமாதிரித்தான். முதல் நாள் அவவுக்கு நிரலை வாசிச்சுக் காட்டுங்கோ. முகத்தைப் பார்த்தாலே விளங்கும்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

எனக்கு இதில் இன்னும் தயக்கம் இருக்கிறது. வாசித்துக் காட்டும்போது விருந்தாளியாக வந்தவர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். ஆனால் அந்த மண்டபத்தையும் மக்களையும் வவுனியா என்னைவிட நன்றாக அறிந்தவர்.

நெல்லை ஐயா, பேச்சாளரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். தொலைபேசியில் 15 நிமிடம் போதும். மகனின் பெயரைச் சொல்லலாமா? உங்களை எப்படி அழைக்க வேண்டும்? உங்கள் கதையில் எந்தப் பகுதியை நீங்களே முதலில் சொல்ல விரும்புகிறீர்கள்? படம் பிடிக்கலாமா, முகநூலில் நேரலை போகலாமா? கேள்வி நேரம் வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் வாங்கியபின் எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்ல வைத்திருக்கும் மிக முக்கியமான வாக்கியத்தை அறிமுகம் செய்பவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் இத்தகைய மேடைகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

நெல்லை_தமிழ்த்துறை:

பேசிவிட்டேன். என் பழைய வரைவை வாசித்துக் காட்டவில்லை, மனம் வரவில்லை. மகனின் பெயரை அவரே சொல்வார், நான் சொல்ல வேண்டாம். நேரலை வேண்டாம். பேச்சு முடிந்ததும் கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். 22 ஆண்டு கணக்கு ஆசிரியராக இருந்ததைக் கட்டாயம் சொல்லச் சொன்னார். புதிய வரைவு:

"வணக்கம். இன்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள்.

அடுத்த 40 நிமிடம் நம்மோடு பேசப்போகிறவர் மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய். மகன் எப்படி இறந்தார் என்பதை அவர் பேசப்போவதில்லை. அதற்குப் பின் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பேசுவார்.

கேட்கக் கடினமாக இருந்தால் எழுந்து வெளியே போகலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வருகைப்பதிவு முடிந்துவிட்டது. இடப்பக்கக் கதவுக்கு வெளியே நம் ஆலோசகர் இருக்கிறார். அவரிடம் பேசலாம், பேசாமல் உட்கார்ந்தும் இருக்கலாம்.

பிறகு எப்போது பேச வேண்டும் என்று தோன்றினாலும் 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

இவர் 22 ஆண்டு கணக்கு ஆசிரியர். இப்போது தற்கொலையால் உறவுகளை இழந்த குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழுவை நடத்துகிறார். கேள்விகள் இருந்தால் தாளில் எழுதித் தாருங்கள்.

(பெயர்) அம்மா, வாருங்கள்."

மேடைக்குரல்:

ஐயா, இது நிக்குது. கடிகாரம் வச்சு நிதானமா வாசிச்சுப் பாத்தேன், ஒன்றரை நிமிஷத்துலேர்ந்து கொஞ்சம் கூட வருது. மூணு நிமிஷம் குடுத்திருக்காங்கன்னு நிரப்பாதீங்க.

வரிசையும் சரியா வந்திருக்கு. பழைய வரைவுல சாவைச் சொன்ன உடனே கரவொலி கேட்டீங்க, கைதட்டல் சாவுக்கு விழுந்திருக்கும். இதுல கடைசியா அவங்க செய்ற வேலை, அப்புறம் பேர். கைதட்டினாலும் அவங்களுக்குத்தான் தட்டுவாங்க. தட்டச் சொல்ல வேணாம், தட்டினா தடுக்கவும் வேணாம். குறள், புல்லாங்குழல் பத்தி நான் சொன்னதத் திரும்ப எடுத்துக்கிறேன்.

எண்ண ரெண்டாவது தடவ சொல்லும்போது ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவுல ஒரு நொடி விடுங்க. எழுதிக்கிறவங்களுக்கு நேரம் வேணும்.

மூன்றாமாண்டு_விலங்கியல்:

அப்படிச் சொல்லும்போது யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எழுதினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். எண்ணைத் திரையில் நிகழ்ச்சி முடியும் வரை வைத்திருங்கள், கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

ஆமாம், கழிப்பறைக் கதவு மிகச் சரியான இடம். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், நாள் முழுதும் இயங்குவது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவின் எண்ணையும் சுவரொட்டியில் சேர்க்கலாம். மேடையில் ஓர் எண்தான். நான்கு எண் சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது. எந்த எண்ணானாலும் முதல் நாள் நீங்களே கூப்பிட்டு, எடுக்கிறார்களா, தமிழுக்கு எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு மாற்றம் கேட்பேன். "நம் ஆலோசகர்" என்று பொதுவாகச் சொல்லாமல் அவரை ஒரு நொடி எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முகம் தெரிந்தால்தான் போவார்கள்.

கரிசல்_மைந்தன்:

வரவேற்பைப் பத்தி ஒரு சந்தேகம். வாசல்ல சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டோட மாணவிகள் நிப்பாங்க. அந்த அம்மாவோட கணவரும் இல்லைன்னா குங்குமத்த நீட்டுறதா வேண்டாமான்னு பிள்ளைங்க திகைச்சுப்போய் நிப்பாங்க. அந்தத் திகைப்பே அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். பொன்னாடை வேற போத்துவாங்க.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். எல்லாருக்கும் எப்படித் தட்டை நீட்டுகிறார்களோ அப்படியே அவருக்கும் நீட்ட வேண்டும், எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம் என்று மாணவிகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். பொன்னாடையைப் பேச்சு முடிந்தபின் போர்த்த வேண்டாம். அழுது முடித்தவரை நிறுத்திவைத்துப் படம் எடுப்பதாக ஆகிவிடும். தொடக்கத்தில் மற்ற விருந்தினரோடு சேர்த்து முடித்துவிடுங்கள். வரவேற்பு நடனம் இருந்தால் அதற்கும் அவர் பேச்சுக்கும் நடுவில் முதல்வர் உரையை வையுங்கள்.

நெல்லை_தமிழ்த்துறை:

நடனம் இருக்கிறது, முன்னால் தள்ளுகிறேன். முதல்வர் ஒரு நிமிட மௌன அஞ்சலி வேண்டும் என்கிறார். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி மாணவர் ஒருவரும் இறந்தார், அதனால். நடத்தலாமா?

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

நான் வேண்டாம் என்பேன். தத்தளிக்கும் ஒருவர் அரங்கில் இருந்தால், இறந்தவருக்கு 300 பேர் எழுந்து நிற்பதைப் பார்ப்பார். அவருக்கு இப்போது கிடைக்காத கவனம் அது. அந்த மாணவரின் நண்பர்கள் தனியாகக் கூடி நினைவுகூர இடம் கொடுங்கள்.

மேடைக்குரல்:

இதுல நான் ஒத்துக்கல. போன வருஷம் கூடப் படிச்சவன் போயிட்டான். இந்த நாள்ல அவனப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லைன்னா, கல்லூரி மறந்துட்டுதுன்னு பசங்க நினைப்பாங்க. மௌனம் இல்லாட்டியும் முதல்வர் உரையில பேர் சொல்லி ஒரு வரியாவது வேணும்.

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

ஒரு வரி, அந்த மாணவரின் பெற்றோரைக் கேட்டபின் என்றால் சரி என்றுதான் நினைக்கிறேன். மௌனத்தில் மாறவில்லை.

நெல்லை_தமிழ்த்துறை:

பெற்றோரிடம் நாளை பேசுகிறேன். கடைசியாக ஒன்று. அறிமுகம் முடிந்ததும் நான் என்ன செய்ய? வழக்கமாக மேடையை விட்டு இறங்கி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அவர் பேச்சின் நடுவில் நின்றுவிட்டால்?

ஆற்றுப்படுத்துநர்_மதுரை:

போகாதீர்கள். முதல் வரிசை ஓரத்தில், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்காருங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, லேசாக மூடி வையுங்கள். நடுங்கும் கையால் புது பாட்டிலைத் திறக்க முடியாது. கைக்குட்டைத் தாளை மேசைமேல் முன்பே வைத்துவிடுங்கள், நடுவில் கொண்டு போய்க் கொடுத்தால் அது ஒரு காட்சியாகிவிடும்.

நின்றுவிட்டால் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள், பெரும்பாலும் அவரே தொடங்குவார். அரங்கில் யாராவது ஆறுதலுக்காகக் கைதட்டத் தொடங்கினால் கையை லேசாகத் தாழ்த்திக் காட்டுங்கள். அவர் உங்களைப் பார்த்தால் மட்டும் மேலே போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். "கொஞ்ச நேரம் உட்காரலாமா, தொடரலாமா" என்று மைக்கிலிருந்து விலகிக் கேளுங்கள். அவர் பார்த்தால் வாருங்கள் என்ற இந்த ஏற்பாட்டை இப்போதே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

நெல்லை_தமிழ்த்துறை:

சொல்லிவிட்டேன். வரைவையும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். "மகனைத் தற்கொலையில் இழந்த" என்பதை "மகன் தற்கொலையால் இறந்த" என்று. "இழந்த" என்றால் தான் எங்கோ கைவிட்டுவிட்டது போலக் கேட்கிறது என்றார். இலக்கணப்படி "தாய்"க்கு முன்னால் அது கொஞ்சம் இடறுகிறது. அப்படியே படிக்கிறேன்.